அமர்வில் பாதி நேரம் பெற்றோருக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்குத் தரப்படும், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பற்றிப் பெற்றோர் கேட்டவை இவை.

ஒன்பது வயது மகளுக்கு ஐந்து வாரமாக மூச்சுப் பயிற்சியும் உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்வதும்தான் நடக்கின்றன. நடந்ததைப் பற்றி எப்போது பேசுவார்கள்?

மொத்தம் 12 முதல் 16 அமர்வுகள் என்று கொண்டால், முதல் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே வன்முறையை அதன் பெயராலேயே சிகிச்சையாளர் குறிப்பிட்டிருக்க வேண்டும். அதைத் தொடாமலே வாரங்கள் கடந்திருந்தால், காரணம் கேளுங்கள்.

அமர்வில் பாதி நேரத்தை எனக்கு ஒதுக்குகிறார்கள். நோய் எனக்கில்லையே, அதையும் மகனுக்கே கொடுக்கக் கூடாதா? அங்கே என்ன சொன்னான் என்று வீட்டில் கேட்கலாமா?

இரண்டுக்கும் கூடாது என்பதே பதில். காத்திருப்பு அறையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிட்டு, மாலையில் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யும் பெற்றோரைப் பார்த்துச் சலித்துவிட்டது.

டியூஷன் ஆசிரியரால் பாதிக்கப்பட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு நோட்டில் முதலில் தன்னைப் பற்றியும், பிறகு டியூஷன் வகுப்பைப் பற்றியும், அதன் பின்னரே முதல் சம்பவத்தைப் பற்றியும் எழுதினான். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவ்வப்போது கேட்கப்பட்டது. எட்டு என்றால் எழுத்தை நிறுத்தி மூச்சுப் பயிற்சி, நான்குக்கு இறங்கியதும் மீண்டும் எழுத்து. 'நான் கத்தியிருந்தால் நடந்திருக்காது' என்று அவன் எழுதிய வரியை அழிக்கச் சொல்லவில்லை. அன்று அந்த அறையில் யார் பெரியவர், யாருக்கு அதிகாரம் இருந்தது என்று சிகிச்சையாளர் கேட்கக் கேட்க, அவனே அதைத் திருத்தினான்.

அம்மாவிடம் காட்டப்போவதை அவனிடம் முன்பே சொல்லிவிட்டு, அவருக்குரிய நேரத்தில் சிகிச்சையாளர் அந்த நோட்டை அவருக்கு வாசித்துக் காட்டினார். முதல் முறை அவர் கதறினார். மூன்றாம் முறைதான் கடைசி வரை கேட்டு, 'தவறு அவருடையது, நீ சொன்னது நல்லது' என்று சொல்லப் பழகினார். கூட்டு அமர்வு அதன் பிறகே நடந்தது. அந்தக் கதறல் மகன் முன்னால் நடந்திருந்தால், அம்மாவைக் காப்பாற்றவே அவன் நோட்டை மூடியிருப்பான். உங்களுக்கு ஒதுக்கிய பாதி நேரம் இதற்குத்தான். வீட்டில் நீங்களாகத் துருவாதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கியதும் கெட்ட கனவுகள் கூடிவிட்டன. நிறுத்திவிடலாமா?

ஓரிரு வாரம் சற்றுக் கூடுவது உண்டு. சிகிச்சையாளரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார். பாதியில் நிறுத்தினால், அதைப் பேசுவதே ஆபத்து என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் மட்டும் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்.

தவறு செய்த சித்தப்பா பண்டிகைக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். சிகிச்சை தொடங்கலாமா?

கடிதத்தின் கடைசி வரியில் எழுதும் விஷயமா இது? அவர் வந்துபோகும் வீட்டில் பிள்ளையின் பயம் நியாயமானது. அதைக் குறைக்கும் சிகிச்சை எதுவும் இல்லை. முதலில் அவர் வருகையை முற்றிலும் நிறுத்துங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். சிகிச்சையைத் தொடங்க வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.