சந்தர்ப்பமா, சபையா, நேரமா?

அன்புள்ள ஐயா,

உறவினர் ஒருவர் தன் ஆசிரியரைப் பற்றி உரை எழுதித் தரச் சொன்னார். என்ன நிகழ்ச்சி, யார் கேட்கப்போகிறார்கள், எத்தனை நிமிடம் என்று எதுவும் சொல்லவில்லை. மூன்றையும் கேட்டால் சலித்துக்கொள்வார். ஒன்றை மட்டும் கேட்கலாமென்றால், நேரத்தைத்தானே கேட்க வேண்டும்? ஒரு மேற்கோளோடு தொடங்கலாமா?
ர.

அன்புள்ள ர.,

மேற்கோளை விடுங்கள். நேரத்தையும்தான். நான்கு நிமிடத்துக்கு எழுதி, எந்தப் பத்திகளை விட்டாலும் உரை நிற்கும் என்று ஓரத்தில் குறித்துக் கொடுத்தால் போதும். நேரம் குறைந்தால் அவரே வெட்டிக்கொள்வார்.

நேரத்தை இப்படிப் பெரிதாக நினைப்பது ஒரு பழைய நோய். லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைச் சுருக்கத்துக்காகவே எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். 1863 நவம்பர் 19 அன்று அதே மேடையில், அதே கூட்டத்தின் முன் எட்வர்ட் எவரெட் என்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். அன்றைய முக்கிய உரையே அவருடையதுதான். லிங்கனுக்குப் போன அழைப்பு வேறு: போரில் இறந்தவர்களின் கல்லறை நிலத்தை முறைப்படி அர்ப்பணித்துப் பொருத்தமாகச் சில வார்த்தைகள் பேசுங்கள் என்றது. என்ன நிகழ்ச்சி, அதில் அவருக்கு என்ன வேலை என்பது அதிலேயே இருந்தது. மறுநாள் எவரெட் லிங்கனுக்கு எழுதினார்: அந்தச் சந்தர்ப்பத்தின் மையக் கருத்தை நீங்கள் இரண்டு நிமிடத்தில் நெருங்கிய அளவுக்கு நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்று. அவரும் அளந்து பார்த்தது சந்தர்ப்பத்தை வைத்துத்தான். உங்களைப் போன்றவர்கள் அதில் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறீர்கள்!

சரி, உங்கள் உறவினரின் ஆசிரியருக்கு வருவோம். ‘தாமதமாக வந்தால் கதவைச் சாத்திவிடுவார்’ என்று ஒரு தகவல் கிடைக்கிறது என்று வையுங்கள். ஓய்வு பெறும் விழாவில் அவர் முன்னால் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். பாராட்டு விழாவில் அது அவருடைய ஒழுங்குக்குச் சான்று. அஞ்சலிக் கூட்டத்தில் அதே வரி தொண்டையை அடைக்கும். அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிக்காமல் அதைத் தொடவே கூடாது. ஓய்வு என்றால் ‘நீங்கள்’ என்று அவரிடமே பேசுவோம், இரங்கல் என்றால் ‘அவர்’ என்று மற்றவர்களிடம் பேசுவோம். சந்தர்ப்பம் தெரியாமல் முதல் வாக்கியத்தைக்கூட எழுத முடியாது.

சபை? பாதி சந்தர்ப்பத்திலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, பள்ளிக்கு உள்ளே மட்டும் புரியும் பட்டப்பெயர்களையும் கிண்டலையும் தவிர்த்துவிட்டால், குடும்பத்தார் வந்திருந்தாலும் சமாளிக்கலாம்.

உறவினரிடம் ‘என்ன நிகழ்ச்சி?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘விழா’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். ‘நீங்கள் பேசி உட்கார்ந்ததும் அங்கே என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். நினைவுப் பரிசா, மௌன அஞ்சலியா, அடுத்து ஆசிரியரே பேசப்போகிறாரா என்று பதில் வந்தால் உங்கள் கடைசிப் பத்தி எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் அதை எழுதுங்கள், அப்புறம் மற்றது.