மேற்பார்வையாளர் பக்கமும் நியாயம் வேண்டும்

"என் சிறுகதையில் புதிய முறையைக் கொண்டுவரும் மேற்பார்வையாளர் வெறும் வில்லனாகிவிடுகிறார், அதை எதிர்க்கும் மூத்த தொழிலாளி சொல்வதெல்லாம் சரியாகிவிடுகிறது. எப்படி மாற்றுவது?"

புதிய முறை எது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்; இருவரின் நியாயமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட்டை 200 உருப்படிக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர். மூத்தவரோ வெட்டும் ஓசை மாறினால்தான் மாற்றுவார். முனை தேயத் தேயக் கடைந்த தண்டின் விட்டம் சிறிது சிறிதாகக் கூடும். அதை மைக்ரோமீட்டரில் கண்டு அவர் ஈடுகட்டிவிடுகிறார். இரவு ஷிஃப்ட்டில் அந்தக் காது இல்லை. காலையில் அளவு மீறிய தண்டுகள் குவிந்திருக்க, விளக்கம் எழுத வேண்டியவர் மேற்பார்வையாளர். இதை வாசகர் முன்பே அறிந்துவிட்டால் அவர் வில்லனாக மாட்டார்.

பிறகு, தண்டு கடைவதற்குக் கடினத்தன்மை கூடிய கம்பிகள் வரட்டும். 120ஆவது உருப்படியிலேயே ஓசை மாறுகிறது. மூத்தவர் இயந்திரத்தை நிறுத்த, எண்ணிக்கை முடியவில்லை என்று மேற்பார்வையாளர் தடுக்கிறார். இங்கே மூத்தவரை வாதாட விடாமல், தண்டையும் மைக்ரோமீட்டரையும் நீட்டவிடுங்கள். அளந்து பார்த்த மேற்பார்வையாளர், எண்ணிக்கையைக் கைவிடாமல், கம்பி மாறும்போதெல்லாம் புதிய எண்ணை மூத்தவரே குறித்துத் தர வேண்டும் என்று கேட்கட்டும். தன் காதின் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற மூத்தவரின் தயக்கத்தில்தான் உங்கள் உண்மையான மோதல் இருக்கிறது.