ஒரே பாட்டு, மூன்று மீட்டர், மூன்று எண்

என் டிராக்கில் பீக் -1, ஆர்எம்எஸ் -10, லவுட்னஸ் -13 காட்டுகிறது. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். பீக் என்பது அலை தொட்ட உச்சப் புள்ளி மட்டுமே. ஒரே ஒரு கிக் அடி போதும். உங்களைக் குழப்புவது மற்ற இரண்டும்தான். ஆர்எம்எஸ் எல்லா அதிர்வெண்ணையும் சமமாகச் சராசரி எடுக்கும். லவுட்னஸ் மீட்டரோ முதலில் வடிகட்டும்: 40 ஹெர்ட்ஸில் 5, 6 டெசிபல் குறைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 4 வரை கூட்டும். மிக அமைதியான பகுதிகளையும் கணக்கில் சேர்க்காது.

சோதிக்க, மாஸ்டரில் 60 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டுப் பாருங்கள். ஆர்எம்எஸ் சரிந்து லவுட்னஸ் அசையாவிட்டால், இடைவெளிக்குக் காரணம் சப் பேஸ்.

இன்னொரு பொறி: முழு அளவு சைன் அலைக்குச் சில ஆர்எம்எஸ் மீட்டர்கள் -3 காட்டும், சில 0. உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.