தேநீரைக் குறைப்பதா, தண்ணீரை மாற்றுவதா?

கேள்வி: எங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்ததில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.8 மி.கி. என்று வந்திருக்கிறது. நான் தினமும் ஆறு கப் தேநீர் குடிப்பவன். ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லதுதானே? தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, செறிவுதான் கூடும். ஒரு லிட்டர் நீர் முக்கால் லிட்டராக வற்றினால் உங்கள் 1.8 என்பது 2.4 ஆகிவிடும்.

உங்கள் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெறும் தண்ணீராக ஒன்றரை லிட்டர் குடிக்கிறீர்கள் என்றால் அதில் 2.7 மி.கி. ஆறு கப் தேநீர் ஏறத்தாழ 900 மி.லி. இருக்கும், அதே தண்ணீரில் போடுவதால் 1.6 மி.கி. அப்புறம் தேயிலையின் பங்கு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகம். சாதாரண கறுப்புத் தேயிலை லிட்டருக்கு 2 மி.கி. தருகிறது என்று வைத்தால் இன்னொரு 1.8. ஆக மொத்தம் 6 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே.

ஒரு நாளில் உடலுக்குள் போகும் மொத்த அளவு 6 மி.கி.யைத் தாண்டினால் எலும்புக்கு ஆபத்து கூடலாம், 14 மி.கி. என்றால் ஆபத்து உறுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிநீருக்கு அது சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி. மொத்த அளவில் நீங்கள் எல்லைக் கோட்டில் நிற்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் இப்படியே விடவும் கூடாது.

எதை மாற்றுவது? தேநீரை அடியோடு நிறுத்தி அந்த அளவுக்கும் கிணற்று நீரையே குடித்தால் 4.3 மி.கி. வரும். தேநீரை விடாமல் தண்ணீரை மட்டும் ஆர்.ஓ. நீராக மாற்றினால் ஏறக்குறைய 2 மி.கி.தான். அதனால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். வெறும் கார்பன் ஃபில்டர் ஃப்ளோரைடைப் பெரிதாக அகற்றாது, ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வேண்டும். ஆக்டிவேட்டட் அலுமினா நிரம்பிவிட்டால் வேலை செய்வதை நிறுத்திவிடும், ருசியில் அது தெரியாது. எனவே வடிகட்டிய நீரையும் அவ்வப்போது பரிசோதியுங்கள்.

சரி, பல்லுக்கு நல்லதா? நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் மேலே படும்போது. அமிலம் அரித்த எனாமலில் தாதுக்கள் திரும்பப் படிய ஃப்ளோரைடு உதவுகிறது. அதற்கு ஃப்ளோரைடு பற்பசையே போதும். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இன்றே தண்ணீரை மாற்றுங்கள். ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயது அது. ஃப்ளோரைடு மிஞ்சினால் பல்லில் வெண்கோடுகளும், கடுமையானால் பழுப்புக் கறையும் நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்கு அந்தக் கறை புதிதாக வராது.

எலும்பு விஷயம் வேறு, அது மெதுவாக நடப்பது. 2013இல் அமெரிக்காவில் ஒரு 47 வயதுப் பெண்ணைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. 17 ஆண்டுகளாகத் தினமும் 100 முதல் 150 தேயிலைப் பைகள் போட்ட தேநீர் குடித்தவர். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு அளவுக்கு மீறி அடர்ந்து தெரிந்தது. உங்கள் ஆறு கப் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் உடலில் சேரும் ஃப்ளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். அதில் கோளாறு இருந்தாலோ, முதுகும் மூட்டுகளும் காரணமில்லாமல் விறைத்து வலித்தாலோ, தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மூட்டுவாதம் என்று நினைத்துவிடுவது எளிது.