தக்காளி 2,400 ரூபாய்: புது விலையை எப்போது நிறுத்தி வைப்பது?

"தினமும் சந்தை விலையை எடுத்துப் போடுகிறேன். நேற்று தக்காளி கிலோ 2,400 என்று வெளியாகிவிட்டது. 30% ஏறினாலே தடுத்துவிடலாமா?"

30% வேண்டாங்க. மழை பெய்தால் தக்காளி ஒரே நாளில் அதைத் தாண்டும். உங்களுக்கு வந்தது குவிண்டால் விலை, கிலோவுக்கு 24 தான்.

ஒவ்வொரு பொருளையும் அதன் கடந்த 15 நாள் விலையோடு ஒப்பிடுங்கள். `x` இன்று வந்த விலை, `med` அந்த 15 நாள் விலைகளின் நடுமதிப்பு, `mad` என்பது அவற்றின் `log(விலை / med)` அளவுகளைக் குறியை விட்டுவிட்டு எடுத்த நடுமதிப்பு:

```python
d = abs(log(x / med))
hold = d > max(4 * mad, log(1.5))
```

சராசரி எடுத்தால் ஒரு தப்பான எண்ணே அதை இழுத்துவிடும். `log(1.5)` எதற்கென்றால், விலை பல நாள் அசையாமல் இருந்தால் `mad` பூஜ்யமாகி ஒரு ரூபாய் ஏறினாலும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டியதைத் தனி அட்டவணையில் வையுங்கள், வெளியிடும் பக்கத்தில் பழைய விலை அதன் பழைய தேதியோடவே நிற்கட்டும். தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றினால் அதுவும் பொய்தான்.

அப்புறம் விடுவிப்பது. 24 உண்மையிலேயே 40 ஆனால் தினமும் மாட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் நிறுத்திய எண் அந்த 15 நாளுக்குள் போகாது. பக்கத்துச் சந்தைகளிலும் ஏறியிருந்தால் விடுவியுங்கள். மறுநாளும் அதே விலை வந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள், அலகுப் பிழையும் மறுநாள் அப்படியே வரும். விகிதம் 10, 100-ஐ ஒட்டி இருந்தால் ஆள் பார்க்காமல் வெளியே விடவே கூடாது.