பால்கனிச் சிலந்திக்குப் பாட்டியின் பெயர் வைக்கலாமா?

"ஐயா, நாங்கள் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். எங்கள் பால்கனிச் செடிகளில் ஒரு தாவும் சிலந்தி சுற்றுகிறது. படம் பார்த்த நண்பர்கள் புது இனமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் என் பாட்டி வள்ளியம்மையின் பெயரை அதற்கு வைக்க முடியுமா? நாங்கள் வைப்பதற்குள் வேறு யாராவது வேறு பெயர் வைத்துவிட்டால்?"

முடியும். யார் பெயரை வைக்கலாம் என்பதில் விலங்குப் பெயரிடல் விதிகள் ரொம்பவே தாராளம். 26/11 தாக்குதலின்போது கசாபைப் பிடித்து உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக, தாணேயில் கிடைத்த ஒரு தாவும் சிலந்திக்கு 2021-இல் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு தவளை உண்டு. நகரை ஒட்டிய ராஜானுகுண்டேயில் கிடைத்து, 2020-இல் ஸ்ஃபேரோதீக்கா பெங்களூரு ஆனது. கறார் எல்லாம் வேறு இடத்தில்: அந்தப் பெயர் எந்த உடலோடு கட்டப்படுகிறது, எங்கே வெளியாகிறது என்பதில்.

முதலில் உடல். உங்கள் படத்தை வைத்துப் புது இனமா இல்லையா என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம்பாதீர்கள். தாவும் சிலந்திகளில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நிறமல்ல, இனப்பெருக்க உறுப்பின் அமைப்புதான். ஆணுக்கு முகத்தருகே குத்துச்சண்டைக் கையுறை போல உப்பியிருக்கும் இரண்டு உணர்கால்கள், பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் தகடு. இரண்டையும் நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். முதிராத சிலந்தியில் இவை உருவாகியே இருக்காது, அதனால் அது பயன்படாது.

ஆகவே முதிர்ந்த ஆண் ஒன்று, பெண் ஒன்று வேண்டும். உயிரோடு இருக்கும்போதே நல்ல படங்கள் எடுத்துவிடுங்கள், பதப்படுத்த எத்தனால் குப்பியில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து போகும். அந்தச் சீட்டு இல்லாத மாதிரிக்கு ஆய்வில் மதிப்பே இல்லை.

சிலந்தி நிபுணர் ஒப்பிட்டுப் பார்த்து, புதிதுதான் என்று முடிவு செய்தால், அந்த மாதிரிகளில் ஒன்றை மூல மாதிரி என்று குறிப்பார். ஹோலோடைப் என்பது இதைத்தான். 'வள்ளியம்மை' என்ற பெயர் இனிமேல் அந்த ஒற்றை உடலின் பெயர். நாளைக்கு யாராவது அது இரண்டு இனம் என்று பிரித்தாலும், மூல மாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே பெயர் போகும். சண்டை வந்தால் போய்ப் பார்ப்பதும் அந்தக் குப்பியைத்தான். எந்தச் சேகரிப்பில் அது வைக்கப்படுகிறது என்று கட்டுரையில் எழுத வேண்டும் என்பது 1999-க்குப் பிறகு கட்டாயம். அதோடு, நம் நாட்டின் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனம் கண்டவர் அரசு குறித்த களஞ்சியம் ஒன்றுக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று.

கொல்லாமல் செய்ய முடியாதா என்று சிலர் கேட்பார்கள். அருணாசலத்தில் புகுன் லியோசிக்லா என்ற பறவையை 2006-இல் ரமணா ஆத்ரேயா பிடித்து, உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டுத்தான் விவரித்தார். அரிய பறவைக்கு அது சரி. சிலந்தியின் உறுப்பை இறகு மாதிரி எடுத்து வைக்க வழியில்லை.

அடுத்து வெளியீடு. உங்கள் பயமும் இங்கேதான் இருக்கிறது. முகநூலிலோ வாட்சப்பிலோ நீங்கள் ஒரு பெயரைப் போட்டால் விதிகளின் கண்ணில் அது பெயரே இல்லை. இனத்தைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் விவரணையோடு, முறையான வெளியீட்டில் அது வர வேண்டும். மின்னிதழ்களுக்கு 2012 முதல்தான் அனுமதி, அதுவும் ஜூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருந்தால். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் வெளியானால் முந்தியது நிற்கும். இந்தக் கணக்கு தொடங்குவது 1758 ஜனவரி 1-இலிருந்து. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை: கிளெர்க் என்ற ஸ்வீடன்காரர் 1757-இல் போட்ட நூலையும், அந்தத் தேதியில் வந்ததாகவே வைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

முந்தியது நிற்கும் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு பிளாட்டிபஸைப் பாருங்கள், ஆஸ்திரேலியாவின் வாத்தலகு விலங்கு. ஜார்ஜ் ஷா 1799-இல் அதற்கு பிளாட்டிபஸ் அனாட்டினஸ் என்று பெயர் வைத்தார். இது தெரியாமல் புளூமன்பாக் 1800-இல் ஆர்னித்தோரிங்கஸ் பாரடாக்ஸஸ் என்று வைத்தார். ஷா முந்தியவர், அவர்தானே ஜெயிக்க வேண்டும்? பாதிதான் ஜெயித்தார். பெயரின் முதல் பாதியான பிளாட்டிபஸ் என்ற பேரினப் பெயரை 1793-இலேயே ஹெர்பஸ்ட் ஒரு வண்டுக்கு வைத்துவிட்டார். விலங்குலகம் முழுவதிலும் ஒரு பேரினப் பெயர் ஒருமுறைதான் வரலாம். அதனால் பேரினம் புளூமன்பாக்கிடமிருந்தும், இனப்பெயர் ஓராண்டு முந்திய ஷாவிடமிருந்தும் வந்து, இன்றைக்கு ஆர்னித்தோரிங்கஸ் அனாட்டினஸ். ஊர் வாயில் மட்டும் பிளாட்டிபஸ் தங்கிவிட்டது.

முந்திய பெயர் என்று சொல்லிக்கொண்டு தூசி தட்டி எதையாவது எடுத்து வந்து பழகிய பெயரைக் கலைப்பதற்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. பழைய பெயரை 1899-க்குப் பிறகு யாருமே பயன்படுத்தாமல், புதிய பெயரைக் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்கள் 25 வெளியீடுகளில் பயன்படுத்தியிருந்தால் புதியதே நீடிக்கலாம்.

தாவும் சிலந்திகளில் உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு மாதிரி. ஆணும் பெண்ணும் பார்க்க வெவ்வேறாக இருப்பதால் பழைய ஆய்வாளர்கள் பல இடங்களில் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆண், வேறு பெயரில் ஏற்கெனவே பதிவான பெண்ணின் ஜோடி என்று பின்னால் தெரிந்தால், பாட்டியின் பெயர் செல்லாத மறுபெயராகிப் பட்டியலில் கிடக்கும். அதனால்தான் இரண்டையும் பிடியுங்கள் என்றேன்.

பெயரின் வடிவம் எளிது. பெண்ணின் பெயர் என்றால் இறுதியில் -ae சேர்ப்பார்கள், ஆணுக்கு -i. உங்களுக்கு `valliammaiae` என்று வரும், ரோமன் எழுத்தில், மேல்குறிகள் ஏதும் இல்லாமல். அச்சில் வந்த எழுத்துக்கூட்டலே நிலைக்கும், பிறகு 'இன்னொரு எழுத்து அழகாக இருக்குமே' என்றால் நடக்காது. ஆனால் பெயர் வைக்கும் உரிமை கட்டுரையை எழுதுபவருக்குத்தான், சிலந்தியைப் பிடித்தவருக்கு அல்ல. பாட்டியின் பெயர் வேண்டும் என்பதை மாதிரியைக் கொடுக்கும்போதே நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டாசிரியராகச் சேர்த்துக்கொள்வார்களா என்றும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பெயர் வெளியாகும் முன் வேர்ல்ட் ஸ்பைடர் கேட்டலாக் என்ற இணையப் பட்டியலில், உங்கள் சிலந்தியின் பேரினத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பக்கத்துப் பேரினங்களிலும் தேட வேண்டும். இனங்கள் பேரினம் விட்டுப் பேரினம் மாற்றப்படுவது சகஜம். போய்ச் சேர்ந்த பேரினத்தில் ஏற்கெனவே ஒரு வள்ளியம்மை இருந்தால், பிந்தியவள் பெயரை மாற்றிவிடுவார்கள்.