எனக்குக் குளிருதுன்னு ஜெர்மன்ல சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு

கேள்வி: ஜெர்மனில நர்ஸ் வேலைக்கு ஜெர்மன் மொழில பி2 லெவல் கேக்குறாங்க. ஆப் வச்சுப் படிச்சா போதுமா, கிளாஸ் சேரணுமா, இல்ல தனியா டீச்சர் வைக்கணுமா? நான் மலேசியால தோட்டப் பக்கம் இருக்கேன், ஷிஃப்ட் வேலை.

நீங்க டிப்ளோமா முடிச்சு இங்க ஒரு ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்கன்னு வச்சுக்கிட்டு எழுதுறேன், ஏன்னா நானும் அதேதான். சுங்கை சிப்புட், அப்பா செம்பனை குலை ஏத்துற லாரி ஓட்டுறாரு. நான் மூணையும் பண்ணிப் பாத்துட்டேன், மூணுலயும் காசோ நேரமோ விட்டிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாதான் வரும்.

முதல்ல ஆப். 412 நாள் ஒரு நாள் விடாம பண்ணேன். நைட் ஷிஃப்ட்ல பேன்ட்ரில நின்னுக்கிட்டு, பஸ்ல, கல்யாண வீட்டுப் பந்தில கூட. நானும் ஏதோ பெரிய ஆளுன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு 15 நிமிஷம்னா 412 நாளுக்கு 6,180 நிமிஷம். ஜெர்மன் சொல்லிக் கொடுத்து பரீட்சையும் வைக்கிற கெத்தே இன்ஸ்டிட்யூட்ல பாட நேரத்த 45 நிமிஷமா எண்ணுவாங்க, அந்தக் கணக்குல எனக்கு வந்தது 137 பாடம். பி2க்கு 600லருந்து 800 பாடம் ஆகும்னு அவங்களே சொல்றாங்க. அதாவது வருஷம் தாண்டியும் நான் மொதப் படியான ஏ1 வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கேன், ஆப் மட்டும் தினமும் பட்டாசு வெடிச்சு வாழ்த்து சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

இன்னொன்னு, ஆப்ல வார்த்தையெல்லாம் கட்டம் கட்டமா கீழயே கெடக்கும், நம்ம எடுத்து அடுக்குனா போதும். விடை கண்ணு முன்னாடியே இருக்கு. உங்களுக்கு உண்மையிலயே வருதான்னு பாக்கணும்னா கையால அந்தக் கட்டத்த மறைச்சுக்கிட்டு வாய் விட்டு சொல்லிப் பாருங்க. எனக்கு பத்துல மூணு வந்துச்சு.

ஆப் வச்சே பாஸானேன்னு சொல்றவங்க கீழ வருவீங்க, தெரியும். ஆனீங்கன்னா சந்தோஷம், நான் என் கதையதான் சொல்றேன்.

அடுத்து கிளாஸ். கேஎல்ல நடத்துற ஒரு சென்டரோட ஆன்லைன் வகுப்பு, பேரு வேணாம். ராத்திரி ரெண்டரை மணி நேரம், 14 பேரு. டீச்சர் விளக்குறது போக, புக்ல எழுதுறது போக, ஒருத்தருக்கு வாயத் தொறக்க அஞ்சு நிமிஷம் கெடச்சா பெருசு. அதுல என் ஷிஃப்ட் வேற மாறிக்கிட்டே இருக்கும், நாலு வகுப்புல ஒண்ணு போயிடும். ஆனா கிளாஸ குறை சொல்ல மாட்டேன், இலக்கணம் வரிசையா உள்ள போனது அங்கதான், பரீட்சை எப்படி இருக்கும்னு தெரிஞ்சதும் அங்கதான்.

எனக்கு சிக்கல் எங்கன்னா, எல்லாத்தையும் இங்கிலீஷ் வழியா சொல்லுவாங்க. ஒரு நாள் ஏர்கான் குளிரா இருக்குன்னு சொல்ல வந்து 'இஹ் பின் கால்ட்'னு சொல்லிட்டேன். ஐ ஆம் கோல்ட், அப்படியே மாத்துனது. அதுக்கு அர்த்தம் நான் ஈரமில்லாத நெஞ்சுக்காரின்னு போயிடுமாம். டீச்சர் சிரிச்சுட்டு 'மியர் இஸ்ட் கால்ட்' தான் சரி, இது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோங்கன்னாங்க. நோட்டுல எழுதி மஞ்சக்கோடு போட்டேன். அடுத்த வாரம் திரும்ப இஹ் பின் தான் வந்துச்சு.

அப்புறம்தான் ட்யூட்டர். கோயம்புத்தூர்ல இருக்குற ஒரு அக்கா, ஜெர்மனி ஆஸ்பத்திரில பல வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்புனவங்க. மணிக்கு 45 வெள்ளி, வாரம் ரெண்டு தடவ, வீடியோ கால்ல. முதல் வாரமே அதே தப்ப பண்ணேன். அவங்க திருத்தல. "ஏம்மா, உனக்குக் குளிருதுன்னா வீட்டுல எப்படி சொல்லுவ?"ன்னு கேட்டாங்க.

"எனக்குக் குளிருதுன்னு சொல்லுவேன்."

"நான் குளிருறேன்னு சொல்ல மாட்டியா?"

"அது எப்படிக்கா சொல்லுவாங்க?"

"அதேதான். மியர்னா எனக்கு. நாலாம் வேற்றுமை. நீ ஏன் இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டு வர்ற?"

எனக்கு அப்படியே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்குத் தலை சுத்துது, மியர் இஸ்ட் ஷ்விண்டெலிஹ். எனக்குக் குமட்டுது, மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட். எனக்குப் பிடிச்சிருக்கு, அதுவும் மியர் தான். வார்டுல ஒரு நோயாளி நம்மகிட்ட நாள் பூரா சொல்லப் போறது இந்த மாதிரி வாக்கியம்தான், அத்தனையும் நம்ம 'எனக்கு'லயே உக்காந்திருக்கு. வினைச்சொல் கடைசில வர்றதும் அப்படித்தான். அவருக்கு வலி இருக்குறதாலன்னு நம்ம சொல்றோம்ல, 'வைல்'னு ஆரம்பிச்சா ஜெர்மன்லயும் 'இருக்கு' கடைசிக்குப் போயிடும். கிளாஸ்ல மத்தவங்க இதுக்கு மல்லுக்கட்டுவாங்க, எனக்கு ரெண்டு நாள்ல வந்துடுச்சு.

இதக் கேட்டுட்டு தமிழும் ஜெர்மனும் ஒண்ணுன்னு யாரும் கிளம்பிடாதீங்க. சாதாரண வாக்கியத்துல வினை ரெண்டாவது இடத்துலதான் நிக்கும், அங்க தமிழ நம்புனா கவுத்துடும். பசிக்குதுன்னு சொல்ல 'எனக்கு' வராது, நான் பசி வச்சிருக்கேன்ங்கிற மாதிரிதான் வரும். அப்புறம் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ரெண்டுமில்ல. டெர் லோஃபல், டீ காபல், டாஸ் மெஸ்ஸர். நமக்கு மூணுமே அஃறிணை. இதுக்கு எந்த அக்காவும் உதவ முடியாது, இந்த ஒண்ணுக்குத்தான் நான் இன்னமும் ஆப்ப வச்சிருக்கேன், தினம் பத்து நிமிஷம் டெர் டீ டாஸ் மட்டும்.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன், கேள்விக்கு சம்பந்தமில்லதான். ஆறாம் வகுப்பு சோதனைல எனக்கு மலாய் சரியா வரல, தமிழ்ப்பள்ளி முடிச்சிட்டு பெராலிஹான்ங்கிற புகுமுக வகுப்புல ஒரு வருஷம் உக்கார வச்சாங்க. என் கூடப் படிச்ச சீனப்பள்ளிப் பிள்ளைங்களும் அங்க இருந்தாங்க. அந்த ஒரு வருஷத்துக்கு எங்க பெரியம்மா பேசுன பேச்சு இருக்கே, தமிழ்ப்பள்ளில போட்டதாலதான் இப்படி மக்கா போயிட்டான்னு. இருபது வருஷம் எனக்கு மொழியே வராதுன்னு நானே நம்பிட்டேன். வேற்றுமை உருபு ஐ, ஆல், குன்னு எங்க டீச்சர் பாட்டு மாதிரி சொல்ல வச்சதுதான் இன்னைக்கு எனக்குச் சோறு போடப் போகுது. பெரியம்மா இத படிக்க மாட்டாங்க, பரவால்ல.

சரி, பரீட்சை. முதல்ல பி1 எழுதுனேன். வாசிக்கிறது, கேக்குறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும். ஈப்போ அமான்ஜெயாலருந்து பஸ் பிடிச்சு கேஎல் போனேன். மூணு பகுதி பாஸ், கேக்குற பகுதில 53. அதுல மொத்தம் 30 கேள்வி, எனக்கு 16 சரி, 18 வேணும். ரெண்டு கேள்வில போச்சு.

எங்க போச்சுன்னும் எனக்குத் தெரியும். அந்தப் பகுதில நாலு பாகம் இருக்கு. மொதலாவதும் நாலாவதும் ரெண்டு தடவ போடுவாங்க, நடுவுல இருக்குற ரெண்டும் ஒரே தடவதான். அந்த ஒரே தடவ போடுறதுல ஒரு ஆளு 'ஹால்ப் ஆஹ்ட்'டுக்கு வாங்கன்னு சொன்னாரு. ஹால்ப்னா பாதி, ஆஹ்ட்னா எட்டு. எட்டரைன்னு எடுத்துக்கிட்டேன். ஒரு செகண்ட் கழிச்சு, இல்லையே அது ஏழரைன்னுல்ல படிச்சோம்னு யோசிச்சேன் பாருங்க, அந்த யோசனை முடியுறதுக்குள்ள அடுத்த மூணு கேள்விக்கான பேச்சு ஓடிப் போச்சு. என்னைக் கவுத்தது நேரம் இல்ல, நின்னு யோசிச்சதுதான். ஆப்ல ஒரு வாக்கியம் சொல்லிட்டு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், ஆமைப் படம் தொட்டா மெதுவா திரும்பச் சொல்லும். அந்தப் பழக்கத்தோட போய் உக்காந்தா இதான் கதி.

வீட்டுல வந்து சொன்னா அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அவருக்கும் இதே நடந்திருக்காம். தோட்டத்துல குலை வெட்டுற லொம்போக்கார அண்ணன் ஒருத்தர் 'செத்தெங்ஙா டெலாப்பான்'னு சொல்லியிருக்காரு. இந்தோனேசியாக்காரங்களுக்கு அது ஏழரை. அப்பா எட்டரைக்கு லாரியோட போயிருக்காரு, அந்த மனுஷன் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு அப்பாவ ஏசிட்டு ரூமுக்குப் போயிட்டாராம். பக்கத்து லைன்ல இருக்குற ஆளு சொல்ற அதே கணக்குத்தான், நான் கேஎல் வரைக்கும் போய் ஃபெயிலாயிட்டு வந்தேன்.

அப்புறம் அக்கா ஒரு வேலை பண்ணாங்க. வகுப்புல பத்து நிமிஷம் நிறுத்தாம படபடன்னு பேசுவாங்க, மருந்து அளவு, ரூம் நம்பர், மணி எல்லாம் கலந்து. நான் நம்பர மட்டும் எழுதிக்கணும். 47ன்னா அவங்க ஏழும் நாப்பதும்னு திருப்பிப் போட்டுத்தான் சொல்லுவாங்க, அதனால முதல்ல காதுல விழுற ஏழ வலது பக்கம் எழுதிட்டு இடது பக்கம் இடம் விட்டு வைக்கணும். ஒண்ணு விட்டுப் போச்சுன்னா அங்க ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடணும், திரும்பிப் பாக்கக் கூடாது. ஏழு வாரம் இது மட்டும்தான். ஃபெயிலான பகுதிய மட்டும் திரும்ப எழுதலாம், எழுதுனேன், 30க்கு 25, அதாவது 83.

அக்காகிட்ட ஒரு குறை, அவங்களுக்கு என் உச்சரிப்பு பழகிடுச்சு, நான் என்ன உளறுனாலும் புரிஞ்சுக்குவாங்க. அதனால மாசம் ஒரு தடவ மட்டும் தமிழ் தெரியாத வேற ஒரு ட்யூட்டர்கிட்ட ஒரு மணி நேரம் பேசுறேன். அவரு அஞ்சு தடவையாவது என்னன்னு கேப்பாரு. கேட்ட இடத்தையெல்லாம் எழுதி வச்சுக்கிட்டு அக்காகிட்ட கொண்டு போவேன்.

உங்க எடத்துல நான் இருந்தா பி1 வரைக்கும் கிளாஸ், ஷிஃப்ட் மாத்திக் கொடுக்குற மனுஷங்க வார்டுல இருந்தா. காசு குறைவுன்னா ட்யூட்டர ஏ2 முடிச்சப்புறம் வைங்க, மணிக்கு 45 வெள்ளி கொடுத்து யாரும் ஏபிசிடி கத்துக்க வேணாம். வைக்கும்போது வேற எதுவும் கேக்காதீங்க, 'இஹ் பின் கால்ட்' ஏன் தப்புன்னு கேளுங்க. விதிவிலக்குன்னு சொன்னா வேற ஆளப் பாருங்க.

எனக்கு பி2ல பேசுற பகுதி மட்டும் பாக்கி இருக்கு. ராத்திரி மாடில நின்னு தனியா பேசிப் பழகுறேன், எதுத்த வீட்டு ஆன்ட்டி நேத்து அம்மாகிட்ட வந்து உங்க பொண்ணு யாரு கூட சண்டை போடுதுன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க.